கேட்பவர் என்ற கட்டம்

எம்.எட். ஆய்வுக்கு மாணவர்களின் வாசிப்புப் பழக்கத்தை எடுத்துக்கொண்டேன். சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்த என் புத்தியை என்னவென்று சொல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த என் வழிகாட்டி மேடம் என் கருத்துச் சட்டகத்தைத் திரும்பத் திரும்பத் திருப்பிக் கொடுத்தார். அந்த மாதம் அவர் கையெழுத்துப் போடாவிட்டால் என் ஒரு வருடம் போச்சு.

அந்தச் சட்டகப் படம் என்னவோ சின்னதுதான். இடப்பக்கம் பெற்றோரின் கல்வி, வீட்டிலுள்ள புத்தகங்கள், பள்ளி நூலக நேரம், கைபேசி நேரம் எனக் கட்டம் கட்டமாகச் சாரா மாறிகள். வலப்பக்கம் அவற்றைப் பொறுத்து மாறும் சார்ந்த மாறியாக வாசிப்புப் பழக்கம். நடுவில் அம்புகள். ஒவ்வொரு அம்பும் ஒரு கருதுகோள். ஒவ்வொரு கட்டத்துக்கும் வினாநிரலில் கேள்வி வேண்டும். இராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போகும்போது மலை மெல்லக் கூடவே வரும். அரைத்தூக்கத்தில் என் கட்டங்கள் ஒவ்வொன்றாகத் தென்னந்தோப்புக்குள் இறங்கி நடந்து போகும். பிடிக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முன்னோட்டமாக எங்கள் ஊர்ப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வினாநிரலைக் கொடுத்தேன். ஒரு சிறுமி பெற்றோர் படிக்கவில்லை, வீட்டில் புத்தகம் இல்லை, வாசிப்பது தினமும் என்று டிக் போட்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கிறாள் என்று எரிச்சல் வந்தது.

"நெசமாவே தினமும் வாசிக்கியா?"

"ஆமா டீச்சர், லைப்ரரி புக்கு. எங்கம்மா கூலிக்கு வீட்டுல பேண்டேஜ் துணி மடிப்பாவ. நான் வாசிக்கணும், அவிய கேப்பாவ. செத்த நேரம் நிறுத்துனா, பொறவு என்னாச்சுன்னு கேட்டுக்கிட்டே இருப்பாவ."

அன்று முழுக்க அந்த வீடு எனக்குள் மிதந்தது. வெள்ளைத் துணி மடிந்து மடிந்து உயர, ஒரு குரல் வாசித்துக்கொண்டே இருந்தது. என் படத்தில் அதற்கு இடமே இல்லை. 'வீட்டில் கேட்பவர்' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டேன், கேள்வியும் எழுதினேன்.

மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஏம்மா, ஒத்தப் பிள்ளைய வச்சு அம்பு போடுவியா?"

"எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் கேட்டுப் பாக்கத்தான் மேடம் போட்டிருக்கேன். குடும்பத்தோட சேந்து வாசிக்கிறதப் பத்தி முந்தைய ஆய்வுகளும் பாத்தேன். விளக்கத்துல எழுதிருக்கேன்."

விளக்கத்தில் 'காரணமாகிறது' என்றிருந்ததை அடித்து, 'தொடர்புடையது' என்று திருத்தினார். "ஒரே தடவ கேட்டுட்டு இதால அது வந்துச்சுன்னு சொல்லக் கூடாது." பிறகு புதிய கேள்வியை வாசித்தார். நீங்கள் வாசிக்கும்போது வீட்டில் யாராவது கேட்பதுண்டா? எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை.

பேனா நின்றது. அறை முழுக்க அவருடைய புத்தகங்கள்.

"நான் இதுக்குப் பதில் எழுதுனா கடைசிலதான் டிக் போடணும்," என்றார். கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார்.

சந்தோஷத்தில் ஓடியிருக்க வேண்டும். கால் வரவில்லை. மேஜையில் பாதியில் விரிந்து கிடந்த புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"வாசிங்க மேடம். நான் கேக்கேன்."