மோடத்துக்கு ஒரு முறைக்காரி

ஸௌம்யாவுக்கு வாய் நீளம் என்று எங்கள் தெருவில் சிலர் சொல்வார்கள். நீளம்தான். அவள் இருந்த வீட்டில் அந்த நீளமும் இல்லாவிட்டால் அவளை மடித்துப் பரணில் போட்டிருப்பார்கள். அடுத்த வீட்டுக்காரி நான், பார்த்ததைச் சொல்கிறேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் அவள் மாமனார் சக்ரவர்த்தி ஐயங்காரைத் தெரியாதவர்கள் கிடையாது. இன்ன நாள் இன்ன குடும்பம் பெருமாளுக்குச் சேவை செய்வது என்று கோயிலில் கைங்கரிய முறை உள்ள குடும்பம். கணவன் நாராயண் வங்கியில் வேலை. கணக்கில் புலியான பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து, வீட்டு மளிகைக் கணக்கு போட வைத்தார்கள். அவளோ மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் தபால் வழியில் எம்.சி.ஏ. சேர்ந்தாள். எல்லாப் பேப்பரும் தேறி, கம்பைலர் டிசைன் ஒன்று மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. 2009 ஜூனில் எழுதுவதுதான் கடைசி வாய்ப்பு. அதிலும் தவறினால் பல்கலைக்கழக விதிப்படி காலக்கெடு முடிந்து, தேறிய பேப்பர்களும் வீண்.

அந்த வருஷம்தான் பல்கலைக்கழகம் அந்தப் பேப்பருக்கு வீடியோ பாடங்களை இணையத்தில் போட்டிருந்தது. மொத்தம் இருபத்து நாலு பாடம், ஒவ்வொன்றும் கால் ஜி.பி. இருக்கும். ஸௌம்யாவுக்குத் தலைகால் புரியவில்லை. வாத்தியார் முகம் பார்த்துப் பாடம் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று.

நாராயண் வாங்கிப் போட்டிருந்த பிராட்பேண்ட், பெயரளவில் அன்லிமிடெட். மாதம் எட்டு ஜி.பி. வரை இரண்டு எம்.பி.பி.எஸ். வேகம், அதைத் தாண்டினால் 256 கே.பி.பி.எஸ். கனெக்‌ஷன் அறுந்து போகாது, நொண்டும். அடுத்த பில் தேதி வந்தால்தான் மறுபடி ஓடும். அந்த மாதக் கோட்டாவை வீட்டார் ஏற்கெனவே தின்று தீர்த்திருந்தார்கள். புதுக் கணக்கு தொடங்குவது கோயில் திருவிழாவில் கருட சேவைக்கு மறுநாள். அன்று காலையிலேயே பாடங்களை வரிசையாகப் போட்டுவிட்டால் இருட்டுவதற்குள் எல்லாம் இறங்கிவிடும், ஆறு ஜி.பி. போக மிச்சம் வீட்டுக்கு. இதுதான் அவள் திட்டம். வீட்டில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்தாள்.

"அன்னிக்கு யாரும் படம் கிடம் பார்க்க வேண்டாம், எதையும் டவுன்லோட் பண்ண வேண்டாம்" என்றாள்.

"பண்ணல" என்றான் நாராயண்.

சொன்ன சொல்லை அவன் மீறவில்லை, அதுதான் கொடுமை. அவன் டவுன்லோட் செய்யவில்லை. கருட சேவையை வீட்டு வாசலிலிருந்தே கேமராவில் பிடித்திருந்தான். அதை மறுநாள் காலையிலேயே அமெரிக்காவில் இருக்கும் அண்ணா ராம்ப்ரஸாதுக்கு மாடியில் இருந்த தன் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பத் தொடங்கினான். கொடுப்பதற்குக் கணக்கு ஏது, எடுப்பதற்குத்தானே என்று நினைத்தானாம். தீர்த்தம் பிரசாதம் என்று கொடுத்தே பழகிய வீடு, அப்படித்தான் நினைக்கும். நெட் கம்பெனிக்கு ஏற்றுவதும் ஒன்றுதான், இறக்குவதும் ஒன்றுதான். இரண்டையும் கூட்டித்தான் எட்டு ஜி.பி. என்பான்.

போதாக்குறைக்கு, பாதி ஏறியபோது கரண்ட் போயிற்று. நாராயண் மறுபடி முதலிலிருந்து ஏற்றினான். ஏறுகிற பாதை அடைத்துக்கொண்டதால் கீழே ஸௌம்யாவின் பாடங்களும் இழுத்துக்கொண்டு கிடந்தன. திருவிழா ஜனம், வந்தவர்களுக்குத் தளிகை என்று அவள் அடுக்களையிலேயே இருந்ததால், இது ஏன் இப்படி நகர்கிறது என்று உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் பார்க்கும்போது எட்டுப் பாடம்தான் இறங்கியிருந்தது. ஒன்பதாவது, எறும்பு போல ஊர்ந்துகொண்டிருந்தது. கோட்டா காலி.

கம்பெனிக்குப் போன் போட்டாள். எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

"அன்லிமிடெட்னு போட்டிருக்கேளே, அது எங்கே?"

"அன்லிமிடெட்தான் மேடம். எவ்வளவு வேணும்னாலும் யூஸ் பண்ணலாம். எட்டு ஜி.பி.க்கு அப்புறம் ஸ்பீடு மட்டும் குறையும். ஃபேர் யூசேஜ் பாலிசி."

"பெரிய பிளானுக்கு மாத்துங்கோ."

"மாத்தினாலும் அடுத்த பில் தேதியிலேருந்துதான் வரும் மேடம்."

அடுத்த பில் தேதி பரீட்சைக்கு அப்புறம். "இலையைப் போட்டு உட்கார வெச்சுட்டு, ரெண்டு கரண்டிக்கு மேல சொட்டு சொட்டா பரிமாறறதுக்குப் பேர் ஃபேரா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

பிறகு அழுவாள் என்று நினைத்தேன். கணக்குப் போட்டாள். முழு வேகத்தில் இருபது நிமிஷத்தில் இறங்கக்கூடிய பாடம், இந்த வேகத்தில் இரண்டரை மணி நேரம். பதினாறு பாடத்துக்கு, கரண்ட் போகிற நேரமும் சேர்த்து, இரவு பகலாக விட்டால் இரண்டு நாள். விட்ட இடத்திலிருந்து தொடர்கிற டவுன்லோட் மேனேஜர் இருப்பதால் கரண்ட் போனாலும் பாதகமில்லை. ஆனால் இன்னொருவர் கை வைத்தால் போயிற்று, வாரக்கணக்கில் இழுக்கும். எழுந்தாள். மோடத்திலிருந்து மாடிக்குப் போன கேபிளைப் பிடுங்கி, சுருட்டி, தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

வீடு இரண்டுபட்டது, சத்தம் கேட்டு நானும் அவர்கள் வாசலுக்குப் போய்விட்டேன். அன்றைக்குப் பார்த்து ராம்ப்ரஸாத் போன் செய்து, வீடியோவின் பின்பாதியில் நாதஸ்வரம் கேட்கவில்லை, மறுபடி அனுப்பு என்றான்.

"பிரவுசிங் சென்டருக்குப் போய் உன் பாடத்தை இறக்கிக்கோயேன்" என்றான் நாராயண்.

"நீங்க போய் உங்க வீடியோவை அனுப்புங்கோளேன். உங்களுக்கு வண்டி இருக்கு."

பெரியவர் கூடத்துக்கு வந்தார். கறுத்துப் போயிருந்தது முகம்.

"ஸௌம்யா, இது பெருமாள் காரியம். கேபிளைக் கொடு."

"பெருமாள் வீதியில வந்து எல்லாருக்கும் சேவை சாதிச்சாச்சு அப்பா. அமெரிக்காவுக்கு நாலு நாள் தாமசமா போனா அவர் கோவிச்சுக்க மாட்டார். யூனிவர்சிடி கோவிச்சுக்கும்."

"எதிர்த்துப் பேசறயா?"

"கேக்கறேன். நம்ம முறை நாள்ல உங்க பங்காளி வந்து கைங்கரியம் பண்ணிட்டுப் போனாரே, சும்மா விட்டேளா? ஒரு நாள்தானேன்னு அன்னிக்கு எல்லாரும் சொன்னா. என் நாள் என் நாள்தான்னு கோர்ட்டு வரைக்கும் போனேள். புதுக் கணக்கு தொடங்கின நாள் என் முறை. முன்னாடியே சொல்லியும் வெச்சேன். உங்க பிள்ளை புகுந்து எடுத்துண்டார். நான் கோர்ட்டுக்குப் போகல, கேபிளைத்தான் எடுத்து வெச்சேன்."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நானும் ஒரு மருமகள்தான், ஒரு நாளும் அப்படி நின்று பேசியதில்லை. அந்த வழக்கைப் பெரியவர் எங்கள் தெருவில் யாரிடம் சொல்லவில்லை? சொல்லச் சொல்ல அவருக்கே பாடமாகியிருந்த நியாயம் அது. இல்லை என்று சொன்னால் பங்காளி ஜெயித்த மாதிரி ஆகிவிடும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். கேபிளை மறுபடி கேட்கவில்லை, அவளோடு பேசவும் இல்லை.

பதினாறு பாடமும் இறங்கி முடிந்த பிறகுதான் பீரோ திறந்தது. நாதஸ்வரத்தோடு வீடியோ அந்த நொண்டி வேகத்திலேயே அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. ராம்ப்ரஸாத் நன்றாகத்தான் இருக்கிறான்.

ஆகஸ்டில் ரிசல்ட் வந்தது. அறுபத்தெட்டு மார்க். நாராயண் வாசலில் நின்று தெருவுக்கே மிட்டாய் கொடுத்தான். "நான் மட்டும் பிராட்பேண்ட் போட்டுக் கொடுக்கலைன்னா இவ பாஸாகியிருப்பாளா?" என்று எங்கள் வீட்டுக்காரரிடம் மார்தட்டிக்கொண்டான்.

உள்ளேயிருந்து ஸௌம்யா வந்தாள். தட்டிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"போட்டது நீங்கதான். இறக்கினது நான்" என்றாள்.

அடுத்த பிராட்பேண்ட் கணக்கின் முதல் நாளையும் அவளே எடுத்துக்கொண்டாள். பரீட்சைதான் முடிந்துவிட்டதே என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.