கழிவு போக மீதி

செஞ்சியில் மல்லாட்டை (நிலக்கடலை) மண்டி வைத்திருக்கும் சிங்காரவேலு, ஆஸ்பத்திரியிலிருந்து மனைவியை வீட்டுக்கு அழைத்துவந்து ஒன்பது நாளாகிறது. கட்டிய அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. போன் போட்டார்.

"இன்சூரன்ஸ் கம்பெனி பில்லை ஒத்துக்கிச்சு சார். பணந்தான் இன்னும் அனுப்பல. வந்ததும், அவங்க கழிச்சதை உங்க அட்வான்ஸ்ல புடிச்சிட்டு, மீதியை உங்க பேங்க்ல போட்டுடுவோம்" என்றாள் பில்லிங் பெண்.

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. இருபது வருஷமாக விவசாயிகளிடம் அவர் சொல்வதும் இதைத்தான்.

வாசலில் சிங்கவரத்துத் தாண்டவராயன், போன மாசம் போட்ட மூட்டைக்குப் பணம் கேட்டு நின்றான்.

"மில்லுலேர்ந்து வரலப்பா. வந்ததும் கழிவு போக தர்றேன்."

"அது கெடக்குது முதலாளி. அம்மா எழுந்து நடக்கறாங்களா?"

தாண்டவராயன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது சிங்காரவேலுவுக்குத் தெரியாது.