நான்காவது மூலை

பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய பட்டறையில் நான் இயந்திரப் பாகங்களைப் பொருத்தும் பிட்டராக இருந்தபோது, அங்கே இரண்டு கடவுள்கள். ஒருவர் பட்டறையை நடத்திய துரை. இன்னொன்று மேசையளவு இரும்புப் பலகை. சர்ஃபேஸ் பிளேட் என்பார்கள். பட்டறையிலேயே நம்பத்தக்க சமதளம் அது ஒன்றுதான். அதற்குப் பூசாரி, அளவு சரிபார்க்கும் பாய். வெற்றுக் கையால் அதைத் தொட்டாலே அவருக்கு முகம் சுண்டிவிடும். அது இருந்த அறையைப் பூட்டி, சாவியை இடுப்புப் பச்சை பெல்ட்டில் மாட்டியிருப்பார்.

எங்கள் இருவருக்கும் ஆகாது. காரணம் கேட்டால் இருவருமே முழிப்போம்.

அந்த மாதம் ஒரு நீராவிப் படகின் பம்பு மூடி என் கைக்கு வந்தது. மேல்முகம் சமமாக இருந்தால்தான் நீராவி கசியாது. முகம் முழுதும் இரண்டு தவ்வுக்குள் நிற்க வேண்டும் என்று வரைபடம் சொன்னது. தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முந்தைய மூடியை நான் கெடுத்திருந்தேன். இதுவும் கெட்டால் நிலக்கரி சுமக்கப் போ என்று துரை சொல்லிவிட்டார். அவர் விளையாட்டுக்குப் பேசுகிற ஆளில்லை.

சுரண்டிச் சுரண்டித் தேய்க்கும் வேலை. பிளேட்டில் நீலமை பூசி, மூடியைக் கவிழ்த்துத் தேய்த்து, மை ஒட்டிய மேட்டைச் சுரண்டுவதுதான் முறை. ஆனால் அதற்குப் பாயிடம் சாவி கேட்க வேண்டுமே. கேட்க எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. நேர்கோல் ஒன்றை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்து, அடியில் வெளிச்சம் தெரியாமல் போகும்வரை ஒரு வாரம் சுரண்டினேன். எங்கும் இம்மி இடைவெளி இல்லை. அன்றைக்கு நடை கூட மாறிவிட்டது எனக்கு.

சரிபார்க்கும்போது பாய் மூடியை அப்படியே பிளேட்டில் வைத்து, மேடுபள்ளம் காட்டும் டயல் கருவியின் முள்ளை மேல்முகத்தில் ஓட்டினார். ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஏழு தவ் வித்தியாசம்.

"போச்சு," என்றார். துரை பக்கத்திலேயே நின்றிருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. "பாய், அடிப்பக்கம் வார்ப்புல வந்த மாதிரியே கரடுமுரடா கெடக்கு. அதும் மேல ஒக்கார வெச்சா மொகம் சாயாம என்ன செய்யும்? நீங்க அளந்தது சாய்வை லா. மொகம் சமமா இல்லையான்னு அளக்கல."

பாய் மூன்று சின்னத் திருகு ஜாக்குகளை எடுத்தார். ஒரு முனையில் இரண்டும், மறுமுனை நடுவில் ஒன்றும் வைத்து மூடியைத் தூக்கினார். மூன்று மூலைகளிலும் முள் பூஜ்யம் காட்டும்வரை திருகினார். நான் துரையைப் பெருமையாகப் பார்த்தேன். வாய் கொஞ்சம் நீளம் எனக்கு. "இப்ப பாருங்க," என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

நான்காவது மூலையில் முள் நான்கு தவ் ஏறி நின்றது.

"குறுக்கால கோல் வெச்சுப் பாத்தியா தம்பி? மூலைக்கு மூலை?" என்றார் பாய்.

"இல்ல."

"நீளத்துல நேர், அகலத்துல நேர். ஆனா மொத்தமா முறுக்கிக்கிட்டு இருக்கு. கோடெல்லாம் நேரா இருந்தா மொகம் சமம்னு யாரு சொன்னா?"

துரை தொப்பியை எடுத்துக்கொண்டார். தொப்பியை எடுத்தால் முடிவு எடுத்தாயிற்று என்று அர்த்தம்; எனக்கு இனி நிலக்கரிதான்.

"கொஞ்சம் நில்லுங்க சார்," என்றார் பாய்.

ஜாக்குகளை மாறி மாறித் திருகினார். ஏறியிருந்த மூலை இரண்டு தவ் இறங்கியது, அதன் எதிர்மூலை இரண்டு ஏறியது. மற்ற இரண்டும் பூஜ்யத்திலேயே நின்றன. பிறகு முள்ளை முகம் முழுக்க ஓட்டினார். மிகத் தாழ்ந்த இடத்துக்கும் மிக உயர்ந்த இடத்துக்கும் இரண்டே தவ்.

"மொகம் ரெண்டு தவ்வுக்குள்ள நிக்கணும்னுதான் காகிதத்துல இருக்கு சார். எந்தப் பக்கம் சாய்ச்சு வெச்சுப் பாக்கணும்னு இல்ல. மூணு மூலையை மட்டும் சமமாக்கி அளந்தா முறுக்கு ரெண்டு மடங்காத் தெரியும். மூடி பாஸ்."

துரை தானே குனிந்து முள்ளைப் பார்த்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

"ஏன் பாய்?" என்றேன்.

"ஒனக்காகன்னு நெனச்சுக்காதே. சரியா இருக்கிற மூடியைச் சரியில்லன்னு நான் எழுத மாட்டேன். ஒரு தவ் கூடியிருந்தா ஒன்னைக் கரி மூட்டை தூக்க நானே அனுப்பியிருப்பேன். சாவியைக் கேட்டிருந்தா ரெண்டு நாள்ல முடிஞ்சிருக்கும், மடையா."

அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தாலே போதும், நான் தொலைந்திருப்பேன். அது அவருக்கும் தெரியும். அன்று பொழுது முழுதும் அவரைத் திட்ட ஒரு காரணம் தேடினேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.