கரிக்கோடு இல்லாத மூன்று வாரங்கள்

மாதம் முடிந்தால் சம்பளம் என்பது என் உடம்போடு ஒட்டிப்போன வழக்கம். தலைநகரில், கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு, அலுவலகத்தில் பிறர் சம்பளப் பட்டியலைக் கூட்டிக்கொண்டிருந்தவள் நான். அதனால்தான் அந்தத் தப்பு நடந்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்தவள் விழுப்புரம் பக்கத்துப் பெண். புருஷன் கொத்தனார், தினக்கூலி பதினைந்து ரூபாய், சனிக்கிழமை பட்டுவாடா. அவளுடைய சம்பளம் அப்படியே ஊரில் மாமியாருக்குப் போய்விடும். குடும்பம் ஓடுவது அவன் கூலியில். அந்த வருஷத்து மழையில் அவர்கள் குடிசைத் தரை ஊறி, அவர்கள் மகளுக்கு மூச்சிரைப்பு பிடித்தது. பக்கத்துக் கோட்லாவில் ஒரு கல் அறை, வாடகை மாதம் எழுபது. எடுக்கலாமா என்று என்னைக் கேட்டாள்.

"எங்க கூலி வாரத்துக்கு ஒரு மாதிரி வருது அக்கா. மாசம் எவ்ளோன்னு எங்களுக்கே தெரியாது. நீங்க ஆபீஸ்ல லட்சத்தைக் கூட்டுறவங்க, இதைக் கூட்ட மாட்டீங்களா?"

குடிசைக்குப் போனேன். அடுப்புக்குப் பின்னால் மண் சுவரில் கரிக்கோடுகள். கூலி வந்த சனிக்கிழமைக்கு ஒரு வரி, வேலை செய்த நாளுக்கு ஒரு கோடு. ஆறு, ஆறு, ஐந்து, நான்கு என்று பத்து வரிகள். ஐம்பத்திரண்டு கோடுகள். எழுநூற்று எண்பது ரூபாய். பத்தால் வகுத்தால் வாரத்துக்கு எழுபத்தெட்டு. சாப்பாடு, மண்ணெண்ணெய், மருந்து எல்லாம் வாரத்துக்கு நாற்பத்தைந்து என்றாள். வாடகை வாரக் கணக்கில் பதினாறு சொச்சம். போதும், மிச்சமும் இருக்கிறது.

"எடுத்துக்கோ," என்றேன். அவ்வளவு லேசாக.

அவள் அன்றே பத்து ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் அவளுக்குச் சம்பளம் எண்ணும்போது கை நின்றது. ஊரிலிருந்து வந்த வாரத்திலேயே என் வீட்டில் சேர்ந்தவள். இது மூன்றாவது சம்பளம். மூன்று மாதமென்றால் பதின்மூன்று வாரம். சுவரில் பத்துதானே?

"முதல் வரி எப்ப போட்டே?"

"வந்த வாரத்துலயே, அக்கா."

"அப்ப மூணு வாரம் எங்கே?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை, அலுப்புதான் இருந்தது. "மழையில வேலை இல்லை. கூலி வராத வாரத்துக்குக் கோடு எப்படிப் போடறது?"

அதே எழுநூற்று எண்பதைப் பதின்மூன்றால் வகுத்தேன். வாரம் அறுபது. மாதத்துக்கு இருநூற்று அறுபது. சாப்பாடும் வாடகையும் சேர்த்தால் அறுபத்தொன்றுக்கு மேல். எழுபது ரூபாய் அறை ஒரு ரூபாய்ச் சொச்சத்தில் கைவிட்டுப் போனது.

சாயங்காலம் மறுபடி குடிசைக்குப் போனேன். அவள் புருஷன் சுவரோரம் குந்தியிருந்தான். சும்மா போன வாரங்கள் எவை என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொன்னான். கடைசி ஐந்து வாரத்தில் இரண்டு சும்மா, ஒன்றில் மூன்றே நாள்.

"சராசரி அறுபதுன்னா அறுபதையும் செலவு பண்ணக் கூடாது," என்றேன். "ஐம்பத்தைந்தோட நிறுத்தணும். தொண்ணூறு வர்ற வாரத்துல முப்பத்தஞ்சு எடுத்து வச்சாதான் சும்மா வாரத்துக்குச் சோறு."

"தொண்ணூறு வர்ற அன்னிக்கு இவ கையப் பிடிச்சுக்கணும்," என்றான்.

"போன தடவை கறி வாங்கினது யாரு?" என்றாள் அவள்.

வாரம் வாரமாகப் போட்டுப் பார்த்தோம். ஐம்பத்தைந்து வீதம் எடுத்தால், எந்தச் சும்மா வாரத்திலும் கையிருப்பு தீரவில்லை. கடைசியில் அறுபத்தைந்து மிஞ்சியது.

"குளிர்காலத்துல கூலி நல்லா வருமா?" என்று அவனைக் கேட்டேன்.

"பனி மூடினா மேஸ்திரி பத்து மணிக்குத்தான் கூப்பிடுவார். அரைக்கூலிதான்." ஐம்பத்தைந்துக்குமேல் ஏற்ற எனக்குத் தைரியம் வரவில்லை.

ஐம்பத்தைந்தில் நாற்பத்தைந்து போனால் வாடகைக்கு வாரம் பத்து. மாதத்துக்கு நாற்பத்து மூன்று. இவ்வளவு சின்ன எண்ணுக்கு ஒரு வீடு உண்டா இந்த ஊரில்?

கோட்லாக்காரனிடம் நாங்கள் இரண்டு பேரும் போனோம். அவன் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. "பய்யா, நாற்பதுக்கு ஏதாவது?" என்று அவனை இந்தியில் அண்ணனாக்கி அவள் கேட்டாள். குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையைக் காட்டினான். சிமெண்டுத் தரை, ஜன்னல் இல்லை. அந்தப் பத்து ரூபாயை முதல் மாத வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லி அரை மணி நேரம் சண்டை போட்டுச் சம்மதிக்க வைத்தாள். அவள் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"அச்சா," என்றாள், சரி என்பதுபோல, யாரைப் பார்த்தும் இல்லாமல்.

நான் சொன்ன எழுபத்தெட்டைப் பற்றி அவள் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. தகரத்தில் கரி பிடிக்காது என்று சுண்ணாம்புக் கட்டி கேட்டாள். குடிபோன முதல் வாரமே வேலை இல்லை. சனிக்கிழமை, அந்த வாரத்துக்கும் தகரத்தில் ஒரு வட்டம் போட்டிருந்தாள். கதவோரத்தில் மகள் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள், முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக.