மேலாளர் சொன்ன ‘ம்’

மருத்துவமனைகளில் கத்தி, கத்தரிகளை நீராவியில் வேகவைத்துக் கிருமி போக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர் என்பதால் அவருக்கு ‘ஸ்டீம்’ என்று பெயர். இருபது வருடமாக ஊர் ஊராகப் போய்வருகிறார். எந்த இயந்திரமும் அவர் கைக்கு அடங்கும், ரசீதுதான் அடங்காது. சட்டைப்பையில் திணித்த ரசீதுகள் சட்டையோடு சேர்ந்தே வெளுத்துவிடும். கணக்குப் பிரிவு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினால், போனால் போகட்டும் என்று விட்டுவிடுவார்.

“நீங்க சம்பளம் வாங்குறீங்களா, கம்பெனிக்கு தர்மம் பண்றீங்களா?” என்று ஒருநாள் மனைவி கேட்டார். குரலில் கோபம் இல்லை, தகவலுக்காகக் கேட்டதுபோல இருந்தது. அதுதான் உறுத்தியது.

அடுத்த பயணத்திலிருந்து திரும்பியதும், கம்பெனியின் பயணக் கொள்கையை அச்சடித்து உட்கார்ந்தார். பதினோரு பக்கம். எழுதியவரைத் தவிர வேறு யாரும் அதை முழுதாகப் படித்ததாகத் தெரியவில்லை. படித்து முடித்து, எட்டு ரசீதுகளையும் வெள்ளைத்தாளில் ஒட்டி எண் போட்டார். வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீதின் எழுத்து நாளடைவில் அழிந்துபோகும் என்பதால் நகலும் எடுத்தார். பிறகு ஒரே பக்கத்தில் ஒரு சுருக்கம் எழுதினார். தேதி, எதற்காக, எவ்வளவு, ரசீது எண், கொள்கையில் எந்தப் பிரிவு என்று வரிசையாக.

ரயில் 1,840. விடுதி மூன்று இரவு 7,800. நாலு நாள் சாப்பாட்டுப்படி 2,400, அதில் ஒரு மதியம் மருத்துவமனையே சோறு போட்டதால் 150 கழிவு. ரசீதுள்ள டாக்ஸி 960. ரசீது தராத டாக்ஸி 180, சுய உறுதிமொழி இணைப்பு, வரம்பு 200. ஆக 13,030. வாங்கிய முன்பணம் 10,000 போக, வரவேண்டியது 3,030. அடியில் இன்னொரு வரி: ‘சலவை 120. ஐந்து இரவுக்குக் குறைவான பயணம் என்பதால் கோரவில்லை.’

கணக்குப் பிரிவு அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு, அந்தக் கடைசி வரியை இரண்டு தரம் படித்தார்.

“கேக்காததையும் எழுதியிருக்கீங்களே, சார்?”

“ரசீது எண் வரிசையில வருது, மேடம். நடுவுல ஒண்ணு காணோம்னா நீங்க தேடுவீங்க.”

அந்த அம்மா தலையாட்டினார். விரல் விடுதிக் கணக்கில் போய் நின்றது. ஓர் இரவுக்கு வரம்பு 2,500. முதல் இரண்டு இரவும் 2,300, சரி. உதிரிபாகம் வரத் தாமதமானதால் ஒருநாள் கூடிய மூன்றாம் இரவு 3,200. எழுநூறு அதிகம்.

“பழைய விடுதியில ரூம் இல்ல. ஊர்ல ஏதோ மாநாடு. மேலாளர்கிட்ட முன்னாடியே எழுத்துல கேட்டுட்டேன். வரம்பு தாண்டினா முன்அனுமதி வேணும், பிரிவு ஆறு. இணைப்பு மூணு.”

இணைப்பு மூன்று, செல்பேசித் திரையின் படம். மாலை 5.10க்கு ஸ்டீம் விலையோடு எல்லாம் விளக்கி, அனுமதி கேட்டிருந்தார். 5.14க்குப் பதில். அது ஒரே ஒரு ‘ம்’.

“இது அனுமதியா?”

“அவர் பேசுறதே அவ்வளவுதான், மேடம்.”

“சரின்னு சொன்னாரா, ‘பாத்தேன்’னு சொன்னாரான்னு எனக்குத் தெரியணுமே. நாளைக்குத் தணிக்கைல என்னைத்தான கேப்பாங்க.”

இருவரும் மேலாளர் அறைக்குப் போனார்கள். மேலாளர் வார்த்தையை எண்ணிச் செலவழிக்கிற மனிதர். தாளை வாங்கி, தன் ‘ம்’மையே வெகுநேரம் பார்த்தார்.

“இது அனுமதிதானா, சார்?” என்றார் கணக்குப் பிரிவு அம்மா.

“ம்” என்றார் மேலாளர்.

“அதைத்தான் சார் கேக்குறேன்.”

ஸ்டீம் தரையைப் பார்த்தார். எழுநூறுக்காக இவ்வளவு பேரை நிறுத்திவைக்க வேண்டுமா, வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. தர்மம் என்ற சொல் நினைவுக்கு வந்து, வாயை மூடிக்கொண்டார்.

மேலாளர் கணினியைத் தன் பக்கம் இழுத்தார்.

“பழைய தேதி போட்டுடாதீங்க சார். இன்னைக்குத் தேதியே போடுங்க” என்றார் அந்த அம்மா. “அன்னைக்கு அனுப்பினது அனுமதிதான்னு இன்னைக்கு உறுதி பண்ணினா போதும். விடுதி ரசீதுல ரூம் எடுத்த நேரம் 6.40ன்னு இருக்கு. உங்க பதில் அதுக்கு முன்னாடியே வந்திருக்கு.”

மேலாளர் தட்டச்சு செய்தார். மொத்தம் மூன்று வரி. அலுவலகம் அதுவரை அவரிடமிருந்து கண்ட மிக நீளமான எழுத்து அதுதான் என்று பிறகு சொல்லிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை 3,030 வங்கிக்கணக்கில் வந்து விழுந்தது. ஒரு காசு குறையவில்லை. ஸ்டீம் செய்தியை மனைவியிடம் காட்டினார். அவர் தொகையைப் பார்த்தார், பிறகு மேசைமேல் கிடந்த சுருக்கத்தின் நகலை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“இதை எழுத எவ்வளவு நேரம் ஆச்சு?”

“மூணு மணி நேரம்.”

“அதுக்கு எந்தப் பிரிவு?”

ஸ்டீம் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

“அதுக்குப் பிரிவு இல்ல” என்றார்.