ஐந்து மீட்டர் கம்பி

சத்தியவேடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் உயரத்தில் ஏறிச் செய்யும் வேலைக்கு ஆள் பழக்கும் பொறுப்பு என்னுடையது. மெய்நிகர் கண்ணாடியைத் தலையில் மாட்டிவிட்டால், தரையில் நிற்பவருக்கு நாலு மாடி உயரத்து இரும்புப் பாலம் தெரியும். அதில் நடந்து, பாதுகாப்புக் கொக்கிகளை முறையாக மாட்டி மறுகரை சேர்ந்தால் தேர்ச்சி. நடுவில் நின்றுபோனால் மதிப்பெண் எதுவும் தங்காது.

அன்று காலை வந்தவள் நகரி ஊர்ப் பெண், ஒப்பந்தத் தொழிலாளி. முதல் தடவை பயத்தில் பாலத்திலிருந்து விழுந்தவள். இது இரண்டாவது வாய்ப்பு, கடைசியும் கூட. தேறினால் நிரந்தர வேலை. "இந்த வாட்டி வுழமாட்டேன்க்கா, நைனா மேல சத்தியம்" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்தாள்.

எனக்கோ பேட்டரியைப் பற்றித்தான் கவலை. முந்தின நாள் ஆயுத பூஜை. கண்ணாடிக்கும் அதன் சார்ஜருக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, பூஜை அலமாரியில் சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டோம். பூஜையில் வைத்த கருவியைத் தொடக்கூடாது என்று யாரும் சார்ஜ் போடவில்லை. காலையில் கண்ணாடியை மட்டும் எடுத்து வெளியே வைத்திருந்தார்கள். சார்ஜர் பூஜை அலமாரிக்குள். அலமாரிச் சாவி ஸ்டோர்காரரோடு கார்வேட்டிநகரம் போய்விட்டது. பேட்டரியில் இருபது சதவீதத்துக்குச் சற்று மேல்தான் இருந்தது. சோதனை முடிய முக்கால் மணி நேரம் ஆகும்.

"நாளைக்கு வெச்சுக்கலாம் சார்" என்றேன்.

"இவாள, இன்னிக்குதான் லாஸ்ட், அம்மா. பேட்ச் க்ளோஸ்" என்றார் மேற்பார்வையாளர். மதனப்பள்ளிக்காரர், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். எங்கிருந்தோ ஐந்து மீட்டர் சார்ஜ் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு முனையைக் கண்ணாடியிலும் மறுமுனையை மடிக்கணினியிலும் சொருகினார். கண்ணாடியில் விளக்கு எரிந்தது. "சூடு, பாரும்மா, சார்ஜ் அவுதுந்தி, ஏறுது!"

எரிந்தால் போதுமா? மனுஷன் விளக்கைப் பார்த்தார், நான் எண்ணைப் பார்த்தேன். ஓடும்போது அந்தக் கண்ணாடி கேமராவுக்கும் திரைக்கும் காற்றாடிக்கும் சேர்த்து நிறைய மின்சாரம் குடிக்கும். மடிக்கணினித் துளை சொட்டுச் சொட்டாகத்தான் தரும். குழாயில் சொட்டு விழுகிறது, கீழே குடம் ஓட்டை. விளக்கு எரியும், பேட்டரி இறங்கும்.

அவள் கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கி, முதல் கொக்கியை மாட்டினாள். முறை தவறவில்லை. எண் இருபதுக்குக் கீழே இறங்கியிருந்தது.

எல்லோரும் பார்க்கட்டும் என்று அவளுக்குத் தெரியும் காட்சியை டிவிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார் மேற்பார்வையாளர். அதுவும் பேட்டரியைத் தின்னும். "நிறுத்துங்க சார்!" என்று கத்தியே விட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு நிறுத்தினார். கேண்டீனுக்கு ஓடி, அங்கே ஒருவரிடம் இருந்த பெரிய அடாப்டரைப் பிடுங்காத குறையாக வாங்கி வந்தேன். அதோடு வந்த கம்பி முழ நீளம். அதைப் போட்டால் அவள் சுவரோரம்தான் நிற்க முடியும், பாலத்தில் நடக்க முடியாது. வேறு வழியில்லாமல் அந்த நீளக் கம்பியையே அடாப்டரில் மாட்டினேன்.

இறக்கம் மெதுவானது, நிற்கவில்லை. நீளமாயிருந்தாலும் தடியான கம்பியாக இருந்தால் சமாளித்திருக்கும். இது நூல் மாதிரி மெலிசு. அடாப்டர் எவ்வளவு பெரிதாக இருந்து என்ன, போகிற வழியிலேயே வலு குறைந்துபோய், கண்ணாடிக்குக் கொஞ்சம்தான் போய்ச் சேர்ந்தது. நல்ல பவர் பேங்க் ஒன்றை அவள் இடுப்பில் கட்டி, முழக் கம்பியால் இணைத்திருந்தால் தீர்ந்திருக்கும். அந்தக் கட்டடத்தில் யாரிடமும் அது இல்லை, கேட்டுப் பார்த்தேன்.

"அக்கா, கண்ணு முன்னால செவப்பா என்னமோ வருது" என்றாள் அவள். பேட்டரி தீரப்போகிறது என்ற எச்சரிக்கை அது.

"ஒண்ணுமில்லம்மா, நட. நிக்காத."

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவசரப்படுத்தினால் கால் தவறுவாள், அவசரப்படுத்தாவிட்டால் பேட்டரி போகும். கண்ணாடியின் காற்றாடி இரைச்சல் மட்டும் கேட்டது. அவள் கடைசிக் கொக்கிக்குக் கை நீட்டினாள். மறுகரைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். போன தடவை விழுந்த இடத்தை எப்போதோ தாண்டிவிட்டிருந்தாள்.

காற்றாடி நின்றது. கண்ணாடி அணைந்துபோயிருந்தது.

நீட்டிய கை நீட்டியபடி, ஒரு காலை முன்னால் வைத்தபடி, அவள் அப்படியே உறைந்து நின்றாள். மேற்பார்வையாளர் மடிக்கணினியைப் பார்த்தார். முடிக்கவில்லை என்று காட்டியது. "ரூல் ரூல்தான், அம்மா" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, அவள் பெயருக்கு நேரே தேறவில்லை என்று தட்டினார். பாவி, அந்தக் கம்பியைக் கொண்டுவந்தவரே அவர்தான்!

"கழட்டும்மா" என்றேன். அவள் கழற்றவில்லை. நாலு மாடி உயரத்தில், இருட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, நான் ஒழுங்காத்தான நடந்துக்கினு வந்தேன்?" நீட்டிய கையை அவள் இன்னும் இறக்கவில்லை. "எங்கக்கா வுழுந்தேன்?"