அடுப்பில் ஒரு கம்பி

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், எழுபதுகளில், கூலிக்காரர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் ஜக்கம்மாள். ஒருநாள் அவள் வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்ததும், இரண்டரை வயது ஜக்கையன் தரையில் புரண்டு அலறினான்.

"பேய் புடிச்சிருக்கு. சூடு போட்டாத்தான் போகும்," என்று அவன் அப்பன் வீரையா, ஏலக்காய் காயவைக்கும் அடுப்பில் கம்பியைச் செருகினான்.

"பேயாவது பிசாசாவது! தானே உரிக்கணும்னு அவனுக்கு ஆசை. அதச் சொல்லப் பேச்சு வரல, கோவத்த அடக்கவும் இந்த வயசுல தெரியாது. பேச்சு வர வர இது கொறஞ்சிரும்ணே."

அவள் அதட்டவில்லை. அலறல் தணியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, "நீயே உரிக்கணும்னு நெனச்சியா அப்பு?" என்று மெதுவாகக் கேட்டாள். பையன் விம்மிக்கொண்டே அவள் மடியில் சாய்ந்தான்.

"நாளைக்கும் கத்துவான்ல," என்றான் வீரையா. கம்பியை அவன் அடுப்பிலிருந்து எடுக்கவில்லை.